கொலு உலாவுக்கு எந்த ஹேஷ்டேக்?

ஸ்ரீரங்கத்தின் உத்திர வீதிகளில் ஒன்றில் இருக்கிறோம். நவராத்திரியில் ஒரு நாள் மாலை, எங்கள் வீதியில் கொலு வைத்திருக்கும் பதினான்கு வீடுகளும் வாசற்கதவைத் திறந்து வைத்துவிடும். அழைப்பும் தேவையில்லை, அறிமுகமும் தேவையில்லை. யாராக இருந்தாலும் படியேறி வந்து பொம்மைகளைப் பார்த்து, சுண்டலை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நகரலாம். வீதிக்காரர்கள் இதற்குக் கொலு உலா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சுவரொட்டி வரைவதை ஒரு கல்லூரி மாணவி ஏற்றுக்கொண்டாள். அதை இன்ஸ்டாகிராமில் போடும் வேலை என்னிடம் வந்தது.

படம் தயாராகிவிட்டது. எந்த ஹேஷ்டேக்குகளைப் போடுவது என்று கேட்டேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். நோட்டில் எழுதியபோது பதினொன்று சேர்ந்திருந்தது: #navaratri, #golu, #bommaigolu, #srirangam, #trichy, #srirangamgolu, #trichygolu, #கொலு, #ஸ்ரீரங்கம், #SGU, #SrirangamGoluUla. முன்பு இன்ஸ்டாகிராமில் ஒரு பதிவுக்கு முப்பது வரை போடலாம் என்பதால் யாரையும் மனம் கோணவிடாமல் எல்லாவற்றையும் சேர்த்திருக்கலாம். மூன்று முதல் ஐந்து வரை போதும் என்று அந்த நிறுவனமே 2021இல் அறிவுரை சொன்னது. பிறகு உச்சவரம்பையே ஐந்தாக்கிவிட்டது. ஆகவே ஆறு கழிய வேண்டும். எதைக் கழிப்பது?

முதலில் கூட்டம் மொய்க்கும் பெரிய சொற்களைப் பார்க்கலாம், ஏனென்றால் ஆசை அங்கேதான் இழுக்கிறது. தேடல் பெட்டியில் #navaratri என்று தட்டினால் பக்கத்தில் தெரியும் பதிவுகளின் எண்ணிக்கை மலைக்க வைக்கிறது. அவ்வளவு பேர் புழங்கும் இடத்தில் நம் சுவரொட்டியும் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டால் என்ன என்று தோன்றுகிறது. அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தால்தான் விஷயம் புரிகிறது. நவராத்திரி என்றால் குஜராத்துக்குக் கர்பா நடனம், வங்காளத்துக்குத் துர்கா பூஜை, வடக்கே பல ஊர்களுக்கு விரதம். அந்த ஒன்பது நாளும் இந்தியா முழுவதும் ஒரே சொல்லின் கீழ் படம் போடுகிறது. நம் நிகழ்ச்சிக்கு அந்தச் சொல் தேவைப்படும் நாட்களும் அதில் நெரிசல் உச்சத்தில் இருக்கும் நாட்களும் ஒன்றே. ஆடி மாதத்தில் போட்டால் இடம் கிடைக்கலாம். ஆனால் ஆடி மாதத்தில் யார் வீட்டில் கொலு?

முன்பு ஹேஷ்டேக் பக்கத்தில் பதிவுகளை நேர வரிசைப்படி, புதியதை மேலே வைத்துக் காட்டும் பகுதி ஒன்று இருந்தது. கூட்டம் எவ்வளவு இருந்தாலும் நாம் போட்ட சில நிமிடங்களாவது நம் படம் முன்னால் நிற்கும். இப்போது முன்னே நிற்பவை ஏற்கெனவே பலர் பார்த்த, பலர் விரும்பிய பதிவுகள்தாம். சில நூறு பேர் பின்தொடரும் ஒரு வீதிக் கணக்கின் சுவரொட்டி, லட்சம் பேர் பின்தொடரும் நடனக் குழுவின் காணொளிக்கு மேலே ஏறி வர வழியே இல்லை. பெரிய சொல் கூட்டத்தைத் தருவதில்லை, கூட்டத்தின் பின்வரிசையைத் தருகிறது.

#golu இன்னும் வேடிக்கையானது. கொலு என்பதை ஆங்கில எழுத்தில் golu என்றும் kolu என்றும் எழுதுகிறோம். இந்தி பேசும் வீடுகளில் உருண்டையான குழந்தையைச் செல்லமாக அழைக்கும் பெயர் கோலு. அதற்கும் அதே நான்கு எழுத்துகள். உத்தராகண்டின் குமாவுன் பகுதியில் கோலு தேவதா என்று ஒரு தெய்வம் உண்டு. ஆகவே அந்தப் பக்கத்தில் நம் ஒன்பது படிக் கொலுவும், யாரோ ஒருவர் வீட்டுக் கன்னக்குழிக் குழந்தையும், மலைக்கோயில் மணிகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். மூன்றும் அழகுதான். கொலு பார்க்க வேண்டும் என்று நினைப்பவர் அங்கே தேடி அலுத்துப்போவார் என்பதுதான் சங்கடம். #bommaigolu அந்தக் குழப்பம் இல்லாதது. பொம்மை என்ற ஒரு சொல் சேர்ந்ததும் குழந்தையும் தெய்வமும் விலகிவிடுகிறார்கள். ஆனால் அதில் இருப்பவை சென்னை, பெங்களூர், சிங்கப்பூர், நியூஜெர்சி வீட்டுக் கொலுக்கள். பார்க்க நிறைய இருக்கிறது. பார்ப்பவர்களில் எத்தனை பேர் அன்று மாலை ஆறு மணிக்கு எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள்?

பதினொன்றையும் நான் அளந்தது இந்தக் கேள்வியால்தான். கடையில் புடவை விற்பவருக்கு நியூஜெர்சிப் பார்வையும் லாபம், அஞ்சலில் அனுப்பலாம். எங்கள் சுண்டலை அஞ்சலில் அனுப்ப முடியாது. வரக்கூடியவர் என்றால் ஸ்ரீரங்கத்தில் இருப்பவர், திருவானைக்காவலில் இருப்பவர், மிஞ்சிப்போனால் தில்லைநகரிலிருந்து பஸ் ஏறக்கூடியவர். ஒரு சொல்லை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதை விட்டுவிட்டு, அந்தப் பக்கத்தைப் பார்ப்பவர்களில் காவிரிப் பாலத்துக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இருப்பவர் எத்தனை பேர் என்று கேட்டதும் பட்டியல் தானாகவே சுருங்கியது.

ஹேஷ்டேக் பிறந்ததும் ஏறக்குறைய இப்படிப்பட்ட தேவைக்காகத்தான். 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெசினா என்பவர், ட்விட்டரில் குழுக்களுக்கு # குறியைப் பயன்படுத்தலாமா என்று கேட்டு, உதாரணமாக #barcamp என்று எழுதினார். பார்கேம்ப் என்பது ஆங்காங்கே ஊர்களில் தொழில்நுட்ப ஆர்வலர்கள் கூடும் கூட்டம். அதே ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியாவின் சான் டியாகோ பகுதியில் காட்டுத்தீ பரவியபோது #sandiegofire என்ற சொல்தான் இந்த வழக்கத்தைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது. ஓர் ஊர், ஒரு நிகழ்வு, இரண்டையும் ஒட்டிய ஒற்றைச் சொல். இன்றைக்கும் அக்கம்பக்கத்து விஷயத்துக்கு இதைவிடச் சிறந்த அச்சு கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் ஊர்ப்பெயரை மட்டும் போட்டால் போதாதா? #srirangam என்று வையுங்கள், ஊர்க்காரர்கள் பார்ப்பார்கள் என்றார் எதிர்வீட்டு மாமா. நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் ஸ்ரீரங்கம் என்பது உலகத்துக்கு ஊரின் பெயர் இல்லை, கோயிலின் பெயர். அந்தப் பக்கத்தில் ராஜகோபுரமும், பெருமாள் புறப்பாடும், பாசுர வரிகள் ஓடும் காணொளிகளும்தாம் நிறைந்திருக்கின்றன. பார்ப்பவர்கள் மெல்போர்னிலும் மும்பையிலும் இருக்கும் பக்தர்கள். உள்ளூர்ச் சொல் போலத் தோன்றினாலும் உண்மையில் அதுவும் ஒரு பெரிய சொல்தான். கும்பகோணம், மதுரை, திருவண்ணாமலைக்காரர்களுக்கும் இதே தொல்லை இருக்கும். ஊர் சிறியது, பெயர் பெரியது.

நவராத்திரியில் இது இன்னும் கூடுதல். ரங்கநாச்சியார் தாயாருக்கு நவராத்திரி உற்சவம் நடக்கும் நாட்கள் அவை. ஏழாம் நாள் தாயாரின் திருவடி சேவை. அன்று மாலை அந்தப் பக்கத்தில் வேறு எதற்கும் இடமில்லை, இருக்கவும் கூடாது. எங்கள் குழுவில் சிலர் உலாவை ஏழாம் நாளே வைத்துக்கொள்ளலாம், கோயிலுக்கு வரும் கூட்டம் அப்படியே நம் வீதிக்கும் வரும் என்றார்கள். "திருவடி சேவையன்று நானே வீட்டில் இருக்க மாட்டேன், வருகிறவர்களுக்குச் சுண்டல் யார் கொடுப்பது?" என்று முனைவீட்டு மாமி கேட்டதும் பேச்சு முடிந்தது. ஐந்தாம் நாளுக்கு மாற்றினோம். ஹேஷ்டேக் கணக்கிலும் அதுவே சரியான நாள்.

#trichy வேறு மாதிரி. அதைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் உண்மையிலேயே திருச்சிக்காரர்கள், அல்லது திருச்சியில் வார இறுதியில் எங்கே போகலாம் என்று தேடுபவர்கள். பிரியாணிக் கடை, புதுத் துணிக்கடை, மலைக்கோட்டையின் இரவுப் படம் என்று கலவையாக இருக்கும். கூட்டம் உண்டு, ஆனால் அந்தக் கூட்டம் பஸ் ஏறி வரக்கூடிய கூட்டம். நெரிசலான சொல் ஒன்றையாவது வைத்துக்கொள்ள வேண்டுமானால் இதை வைக்கலாம். எழுத்துக்கூட்டில் மட்டும் ஒரு கவனம் தேவை. ஆங்கில நாளேடு திருச்சியை Tiruchi என்று எழுதும், அரசுப் பலகையில் Tiruchirappalli இருக்கும், ஊர் இளைஞர்கள் போடுவது trichy. எது சரி என்பது இங்கே கேள்வியே இல்லை. மக்கள் தட்டுவது எதுவோ அதுதான் சரி.

பெரிய சொற்களுக்கும் சிறிய சொற்களுக்கும் நடுவில் இருப்பவை #srirangamgolu, #trichygolu. இரண்டும் ஊரையும் பொருளையும் ஒட்டியவை. ஊர் சேர்ந்ததால் இந்திக் குழந்தை விலகுகிறது. கொலு சேர்ந்ததால் ராஜகோபுரம் விலகுகிறது. இப்படிப்பட்ட ஒன்றைத் தேடுபவர்கள் மிகக் குறைவு. ஆனால் தேடுபவர் ஒவ்வொருவரும் நாம் எதிர்பார்க்கும் அதே ஆள். பின்வரிசைப் பிரச்சினையும் இல்லை, ஏனென்றால் வரிசையே சிறியது. சின்னச் சொல்லின் பக்கத்தில் சுவரொட்டி நாட்கணக்கில் கண்ணில் படும் இடத்தில் நிற்கும்.

ஆனால் சின்னச் சொல்லிலும் இரண்டு வகை உண்டு, அதைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று, சிறியது ஆனால் உயிரோடு இருப்பது. மற்றொன்று, எப்போதோ யாரோ நாலு படம் போட்டுவிட்டு மறந்துபோனது. பக்கத்தைத் திறந்து, அதிலுள்ள பதிவுகளின் தேதியைப் பார்த்தால் தெரிந்துவிடும். போன நவராத்திரியில் குறைந்தது மூன்று நான்கு வெவ்வேறு வீட்டுக்காரர்கள் அந்தச் சொல்லைப் போட்டிருந்தால் அது உயிரோடு இருக்கிறது. ஒரே கணக்கு திரும்பத் திரும்பப் போட்டிருந்தால் அது அவருடைய சொந்தச் சொல், பெரும்பாலும் பொம்மை விற்பவராக இருப்பார். படங்கள் நம் ஊர்க் கொலுதானா என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். இதற்கு ஒரு சொல்லுக்கு இரண்டு நிமிடம் ஆகும். பதினொன்றுக்கும் சேர்த்து அரைமணி. எங்கள் வீதியில் சுண்டலுக்கு ஊறவைப்பது பற்றியே அதைவிட நீண்ட விவாதம் நடந்தது.

இனி தமிழ் எழுத்துச் சொற்கள். மனம் இவற்றின் பக்கம்தான் சாய்கிறது. #கொலு என்று எழுதினால் இந்திக் கோலுவோடு மோதுவதற்கு இடமே இல்லை. தமிழ் எழுத்தில் தேடுபவர் நம் அழைப்பைப் படிக்கக்கூடியவர் என்பதும் உறுதி. ஆனால் தமிழ் எழுத்துக்கென்று சில கண்ணிகள் இருக்கின்றன. முதலாவது, எழுத்து வெட்டுப்படுவது. தமிழில் ஒற்றைக்கொம்பும் காலும் புள்ளியும் கணினிக்குத் தனி எழுத்துகள் இல்லை, முன்னுள்ள எழுத்தில் ஒட்டும் குறிகள். மென்பொருளை எழுதியவர் அதை எண்ணிப் பார்க்கவில்லை என்றால், குறி வந்ததும் சொல் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். #கொலு என்று நாம் எழுத, அது #க என்பதை மட்டும் இணைப்பாக்கிவிட்டு மீதியை அநாதையாக விட்டுவிடும். பெரிய செயலிகள் இதைச் சரியாகவே கையாள்கின்றன. வேறு இடத்தில் பகிரும்போது, பதிவு வெளியானதும் சொல் முழுவதும் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதியில் நிறம் நின்றால் அங்கே தமிழ்ச் சொல் வேலை செய்யாது.

இரண்டாவது கண்ணி எங்கள் ஊருக்கே உரியது. ஸ்ரீ என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாக உள்ளிட முடியும். சில விசைப்பலகைகள் ஸகரத்தில் தொடங்கி அதை ஆக்கும், சில ஶகரத்தில் தொடங்கி ஆக்கும். பல எழுத்துருக்களில் இரண்டும் திரையில் ஒரே உருவமாகத் தெரியும். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ஆகவே நீங்கள் போட்ட #ஸ்ரீரங்கம் ஒரு பக்கத்துக்கும், பக்கத்து வீட்டுப் பையன் அதே மாதிரி தோற்றத்தில் போட்டது வேறொரு பக்கத்துக்கும் போய்ச் சேரலாம். தட்டச்சில் எங்கேயோ தவறு என்று இருவரும் தலையைச் சொறிந்துகொண்டிருப்பார்கள். திருவரங்கம் என்று எழுதுபவர்கள் மூன்றாவது கட்சி. இதனால் #ஸ்ரீரங்கம் பட்டியலிலிருந்து விழுந்தது. கோயில் படங்களின் வெள்ளம் அதிலும் உண்டு என்பது இன்னொரு காரணம். #கொலு தங்கியது.

மிஞ்சியவை சொந்தமாக உருவாக்கிய இரண்டு. #SGU என்று சுருக்கமாக வைத்தால் எழுதுவது எளிது என்றாள் சுவரொட்டி வரைந்த மாணவி. தட்டிப் பார்த்தோம். ஸ்டார்கேட் யுனிவர்ஸ் என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்களும், கரீபியக் கடலில் கிரனடா தீவில் உள்ள செயின்ட் ஜார்ஜ் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களும் அங்கே குடியிருந்தார்கள். மூன்றெழுத்துச் சுருக்கங்களில் காலிமனை இல்லை. அதோடு SGU என்று பார்க்கும் வெளியாளுக்கு அது எதைச் சொல்கிறது என்றும் தெரியாது.

#SrirangamGoluUla நீளம்தான். ஆனால் படித்த உடனே புரிகிறது, வேறு யாரும் வைத்திருக்கவில்லை. இதில் பெரிய எழுத்துகளை நடுவில் போட்டது அலங்காரத்துக்காக இல்லை. தேடலுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றே, படிக்கும் கண்ணுக்கு அப்படி இல்லை. 2013இல் மார்கரெட் தாட்சர் இறந்தபோது #nowthatchersdead என்ற சொல் பரவியது. அதைப் பாடகி ஷேர் இறந்துவிட்டார் என்று பிரித்துப் படித்து வருந்தியவர்கள் இருந்தார்கள். பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளும் பெரிய எழுத்தைப் பார்த்துத்தான் சொற்களைப் பிரிக்கிறது. இடைவெளி விடக் கூடாது, சிறுகோடு போட்டால் சொல் அங்கேயே அறுந்துவிடும், ஆகையால் பெரிய எழுத்தே எளிய வழி.

சொந்தச் சொல்லிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நேற்றுப் பிறந்த சொல்லை யாரும் தேடப்போவதில்லை. அது புதிதாக ஒரு ஆளைக்கூட அழைத்து வராது. அதன் வேலை நிகழ்ச்சிக்குப் பின்னால் தொடங்குகிறது. வந்தவர்கள் எடுத்த படங்கள் ஒரே இடத்தில் சேரும், அது வீதியின் ஆல்பம். அதற்கு வருகிறவர்களுக்கு அந்தச் சொல் தெரிந்திருக்க வேண்டும். முதல் தடவை நான் சொல்லைப் பதிவின் அடியில் மட்டும் போட்டுவிட்டு, எல்லோரும் அதையே பயன்படுத்துவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஆளுக்கொன்றாக ula, ulaa, golu walk என்று போட்டிருந்தார்கள். சரியாகப் போட்டவர் இரண்டு பேர், அதில் ஒருவர் என் தங்கை. அடுத்த முறை சொல்லை அட்டையில் அச்சிட்டு ஒவ்வொரு வீட்டிலும் சுண்டல் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தோம். பார்த்து எழுத வழி இருந்ததால் எழுத்துக்கூட்டு தவறவில்லை. அப்படியும் எல்லாப் படமும் சேராது. கணக்கைப் பூட்டி வைத்திருப்பவர்களின் படங்கள் ஹேஷ்டேக் பக்கத்தில் வெளியாருக்குத் தெரியாது, எங்கள் வீதி மாமிகளில் பாதிப்பேர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் பகிரும் படமும் எந்தப் பக்கத்திலும் சேராது. அவர்களிடம் கேட்டு வாங்கித்தான் போட வேண்டியிருந்தது.

சொல்லோடு ஆண்டைச் சேர்ப்பதா என்ற விவாதமும் வந்தது. சேர்த்தால் ஒவ்வோர் ஆண்டின் படமும் தனித்தனியாக இருக்கும், ஆனால் ஒவ்வோர் ஆண்டும் காலிப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். சேர்க்காவிட்டால் போன ஆண்டின் பொம்மைகள் அடுத்த ஆண்டுக்கு அழைப்பு விடுக்கும். சின்ன வீதிக்குச் சேர்க்காமல் விடுவதே நல்லது என்பது என் கட்சி. ஒரே ஒரு ஆபத்து, பழைய சுவரொட்டியைப் பார்த்துவிட்டு யாராவது தவறான தேதியில் வந்து நிற்பது. ஆகவே ஆண்டைச் சுவரொட்டியின் மேல் பெரிதாக எழுதுகிறோம்.

ஐந்தும் முடிவானது: #trichy, #trichygolu, #srirangamgolu, #கொலு, #SrirangamGoluUla. நெரிசலானது ஒன்று, நடுத்தரம் இரண்டு, தமிழில் ஒன்று, சொந்தம் ஒன்று. பெரிய நகரத்தில் இதே கணக்கு மாறும். சென்னையில் ஒரு மயிலாப்பூர் வீதிக்காரர் #chennai போடுவதைவிட #mylapore போடுவது நல்லது, ஏனென்றால் தாம்பரத்துக்காரர் மாலை நெரிசலில் கிளம்பி வரப்போவதில்லை. திருச்சியில் ஊர் முழுவதுமே அரைமணிப் பயணத்துக்குள் அடங்கிவிடுகிறது, அதனால் #trichy எங்களுக்குச் செல்லும்.

இவ்வளவு பேசிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. ஹேஷ்டேக்கால் பார்வையாளர் எண்ணிக்கை பெரிதாகக் கூடாது என்று இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசெரியே பலமுறை சொல்லியிருக்கிறார். ஒரு சொல்லைப் பின்தொடரும் வசதியையும் 2024 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். இப்போது தேடல், பதிவின் அடியில் எழுதியிருக்கும் சாதாரணச் சொற்களையும் படிக்கிறது. அதனால் கழித்த ஆறையும் நான் முழுவதும் தூக்கி எறியவில்லை. "ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் நவராத்திரி பொம்மைக் கொலு உலா, ஐந்தாம் நாள் மாலை ஆறு மணி, எல்லோரும் வரலாம்" என்று முதல் வரியிலேயே எழுதினேன். ஆங்கிலத்திலும் ஒரு வரி. நவராத்திரி, ஸ்ரீரங்கம், பொம்மைக் கொலு மூன்றும் அந்த வரிக்குள் வந்துவிட்டன, # இல்லாமலே. இடத்தைக் குறிக்கும் வசதியில் ஸ்ரீரங்கத்தைத் தேர்ந்தெடுத்தேன். எதிர்வீட்டு மாமாவுக்கு அதில் திருப்தி.

எது வேலை செய்தது என்று கண்டுபிடிக்க, பதிவைப் பார்த்தவர் எண்ணிக்கை உதவாது. அதில் மெல்போர்னும் இருக்கும். முதல் வீட்டுத் திண்ணையில் ஒரு நோட்டை வைத்து, வருகிறவர்களிடம் எப்படித் தெரிந்து வந்தீர்கள் என்று கேட்டு ஒரு கோடு போடச் சொன்னோம். உறவினர் சொன்னது, வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், கோயிலுக்கு வந்தபோது வழியில் பார்த்தது என்று நான்கு கட்டங்கள். வாட்ஸ்அப் கட்டம்தான் நிரம்பி வழிந்தது. இன்ஸ்டாகிராம் கட்டத்தில் கோடுகள் குறைவு. ஆனால் எங்களில் யாருக்கும் முன்பின் தெரியாத முகங்கள் எல்லாம் அந்தக் கட்டத்தில்தான் இருந்தன. அவர்களில் உறையூரிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் எதைத் தேடினீர்கள் என்று கேட்டேன். திருச்சியில் கொலு எங்கே பார்க்கலாம் என்று trichy golu தட்டினாராம், நடுவில் இடைவெளி விட்டு.